பக்கத்து சீட்டில் அதே தப்பு

பக்கத்தில் உட்கார்ந்த இருவரின் ஓ.எம்.ஆர். தாள்களில் சரியான விடைகள் ஒத்துப்போனால் சந்தேகப்பட ஒன்றுமில்லை, இருவருமே படித்திருப்பார்கள். தேர்வில் காப்பி அடித்தவர்களைத் தேடுபவர்கள் தப்பான விடைகளைத்தான் தனியே பிரித்து எடுப்பார்கள். ஏ, பி, சி, டி என்று வினாத்தாள் வரிசை மாறியிருந்தால், முதலில் எல்லாவற்றையும் ஒரே வரிசைக்குக் கொண்டுவர வேண்டும்.

அண்ணா நகரில் ஒரு பயிற்சி மையம் 300 பேருக்கு மாதிரித் தேர்வு வைத்ததாகக் கொள்வோம். அறைக்கு 20 பேர், மொத்தம் 15 அறைகள். அடுத்தடுத்து உட்கார்ந்த இருவர் 20 கேள்விகளில் சேர்ந்தே தப்பு செய்திருக்கிறார்கள். அதில் 17-இல் அதே தப்பு.

ஒவ்வொரு கேள்விக்கும் தப்பான விடைகள் மூன்று. ஆகவே தற்செயலாக ஒத்துப்போக மூன்றில் ஒரு வாய்ப்பு என்று கணக்குப் போட்டால், 17 அல்லது அதற்கு மேல் ஒத்துப்போவது ஏறத்தாழ மூன்றரை லட்சத்தில் ஒன்று. மாட்டிக்கொண்டார்கள் என்று தோன்றும். ஆனால் இந்தக் கணக்கே தப்பு. ஆஸ்திரேலியாவின் தலைநகர் எது என்று கேட்டால், தெரியாதவர்களில் பெரும்பாலோர் சிட்னி என்றுதான் குறிப்பார்கள். இருவர் சிட்னி என்று எழுதுவதில் ஆச்சரியமில்லை. இருவரும் பெர்த் என்று எழுதினால் நின்று பார்க்கலாம்.

ஆகவே ஒவ்வொரு தப்பான விடையையும் எத்தனை பேர் குறித்தார்கள் என்று 300 தாள்களிலிருந்தே எண்ண வேண்டும். தப்பு செய்தவர்கள் 60, 25, 15 சதவீதம் என்று பிரிந்திருந்தால் ஒத்துப்போகும் வாய்ப்பு 0.6 × 0.6 + 0.25 × 0.25 + 0.15 × 0.15, அதாவது 0.445. எல்லாக் கேள்விக்கும் இதே அளவு என்றால், 20-இல் சுமார் 9 தற்செயலாகவே ஒத்துப்போகும். 17 அல்லது அதற்கு மேல் வருவது சுமார் 4,300-இல் ஒன்று. மூன்றரை லட்சம் எங்கே, இது எங்கே!

அடுத்து, எத்தனை ஜோடிகளைப் பார்த்தோம் என்பது. 300 பேரில் யாரையும் யாரோடும் ஒப்பிட்டால் 44,850 ஜோடிகள். அத்தனை ஜோடிக்கும் இதே வாய்ப்பு என்றால், ஒருவரும் காப்பி அடிக்காமலேயே பத்து ஜோடிகள் சிக்கும். அறைக்கு ஐந்து வரிசை, வரிசைக்கு நான்கு பேர் என்றால் பக்கவாட்டிலும் முன்பின்னாகவும் சேர்த்து 31 ஜோடிகள். 15 அறைக்கு 465. அவற்றில் தற்செயலாக ஒரு ஜோடி சிக்குவதே அரிது. இருக்கை வரைபடம் இல்லாமல் இந்த வேலையில் இறங்கக் கூடாது என்பேன்.

தேர்வரின் திறமையும் கணக்கில் வரவேண்டும். நன்றாகப் படித்தவரும் சுமாராகப் படித்தவரும் ஒரே தப்பில் விழுவதில்லை. 1997-இல் ஜேம்ஸ் வொல்லாக் முன்வைத்த ஒமேகா குறியீடு, அந்தத் திறமை உள்ளவர் ஒவ்வொரு விடையையும் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பைக் கேள்விவாரியாகக் கணிக்கிறது.

இவ்வளவுக்குப் பிறகும், இருவரும் ஒரே வாத்தியாரிடம் ஒரே தப்பான குறிப்பைப் படித்திருக்கலாம். அந்த வாத்தியாரின் மற்ற மாணவர்கள் வேறு அறைகளில் அதே விடையைக் குறித்திருக்கிறார்களா என்று பார்த்தால் தெரிந்துவிடும். யாரைப் பார்த்து யார் எழுதினார் என்பதை மட்டும் ஒத்துப்போன தப்புகளின் எண்ணிக்கை காட்டாது. அதை அறைக் கண்காணிப்பாளரிடம்தான் கேட்க வேண்டும்.