பில்லில் படிக்க வேண்டிய எழுத்துக்கு நிறம் தீட்டாதீர்கள்

பவானியில் தையல் கடை வைத்திருக்கும் பெரியவர் ஒருவர், ஈரோட்டுக்கு நூல் வாங்க வந்த கடைப் பையனிடம், கையால் எழுதிய ஒரு கடிதத்தையும் இரண்டு பில்களையும் சென்ற வாரம் எனக்குக் கொடுத்தனுப்பியிருந்தார். பில் வடிவமைப்பைப் பற்றி இந்த மாதம் எனக்கு வந்த மூன்றாவது முறையீடு இது. மூன்றிலும் குறை ஒன்றேதான் என்பதால், கடிதத்தின் முக்கியமான பகுதியை அவருடைய அனுமதியோடு இங்கே தருகிறேன்.

"அன்புள்ள அம்மிணிக்கு, வணக்கம். எங்கள் கடை பில் கம்ப்யூட்டரில் பார்க்கும்போது கல்யாணப் பத்திரிகை போல இருக்கிறது. தாளில் வந்தால் படிக்க முடிவதில்லை. டோனரை இரண்டு முறை மாற்றிவிட்டேன், அப்படியும் சரியாகவில்லை. அடிச்சீட்டைக் கிழித்துத் துணியோடு குத்தி வைக்கிறோம். போன வாரம் மார்பு 38 என்பதைக் கட்டிங் மாஸ்டர் 36 என்று படித்து வெட்டிவிட்டார். பள்ளிக்கூடம் திறக்கும் நேரம், சீருடை குவிந்து கிடக்கிறது. அளவும் டெலிவரி தேதியும் பாக்கித் தொகையும் பளிச்சென்று தெரியும்படி நிறத்தை மாற்றிக் கொடுங்கள். அழகு குறைந்தாலும் பரவாயில்லைங்க."

வடிவமைத்தவர் வேறொருவர். பெயர் தேவையில்லை, ஏனென்றால் இதே தவற்றைப் பலரும் செய்கிறார்கள். மேலே அரக்குப் பட்டையில் வெள்ளை எழுத்தில் கடைப்பெயர். "மார்பு", "தோள்", "கை நீளம்" போன்ற தலைப்புகள் பொன்னிறத்தில், #C9A227. அளவு எண்கள் சாம்பல் நிறத்தில், #999999. பாக்கித் தொகை சிவப்பில். கடையில் இருப்பதோ கருப்பு மட்டும் அச்சிடும் சாதாரண லேசர் பிரிண்டர்.

கடைக்காரர்களும், வருத்தத்தோடு சொல்கிறேன், வடிவமைப்பாளர்களும் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும் ஒரு தவறான நம்பிக்கை இருக்கிறது: அச்சு மங்கினால் டோனர் தீர்ந்துவிட்டது அல்லது பிரிண்டர் பழையதாகிவிட்டது என்பது. அந்த பிரிண்டரின் டோனரில் இருப்பது கருப்புப் பொடி மட்டும்தான். சாம்பல் நிறம் என்று ஒரு பொடி அதில் கிடையாது. சாம்பல் நிறத்தைக் காட்ட வேண்டுமானால், கருப்புப் புள்ளிகளை இடைவெளி விட்டு வைத்து, கண்ணை ஏமாற்றுவதைத் தவிர அதற்கு வேறு வழியில்லை. பட்டைக்கும் படத்துக்கும் இந்த வித்தை பொருந்தும், எழுத்துக்குப் பொருந்தாது. 8 பாயிண்ட் எழுத்தில் ஒரு கோட்டின் தடிமன் ஏறத்தாழ கால் மில்லிமீட்டர். அங்குலத்துக்கு 600 புள்ளி வைக்கும் பிரிண்டரில் சாம்பலுக்காக விழும் புள்ளிக் கூட்டங்களும் ஏறத்தாழ அதே கால் மில்லிமீட்டர் இடைவெளியில்தான் அமைகின்றன. ஆகவே ஒரு கோட்டின் அகலத்துக்குள் ஒரு வரிசைப் புள்ளிதான் அடங்குகிறது. கோடு அறுந்து, மணி கோத்த நூல் போல ஆகிவிடுகிறது. 8-இன் மேல் வளையத்தில் வலப்பக்கம் ஒரு இடத்தில் அறுந்தால் அது 6 ஆகிவிடும். தமிழில் முதலில் தொலைவது மெய்யெழுத்தின் புள்ளி, அடுத்தது 'கீ' என்னும் எழுத்தின் சிறு சுழி. புது டோனர் போட்டால் அந்தப் புள்ளிகள் இன்னும் கருப்பாக விழும், அவ்வளவே. இடைவெளி அப்படியேதான் இருக்கும். பெரியவர் இரண்டு முறை செய்த செலவு இதனால்தான் வீணாயிற்று.

பிரிண்டரின் குறையா, வடிவமைப்பின் குறையா என்று தெரிந்துகொள்ள ஒரு தாள் போதும். எந்த வடிவமைப்பும் இல்லாத வெறும் பக்கத்தில் சில வரிகளைக் கருப்பில் அடித்து அச்சிடுங்கள். அதுவும் மங்கியிருந்தால் டோனரையோ, டோனர் மிச்சப்படுத்தும் அமைப்பையோ பாருங்கள். அது தெளிவாகவும் பில் மட்டும் மங்கலாகவும் வந்தால், பிரிண்டர் மீது பழி போடாதீர்கள். ஐயமிருந்தால் போன் கேமராவில் பில்லின் ஒரு எண்ணைப் பெரிதாக்கிப் பாருங்கள். விளிம்பு நேராக இருந்தால் அது கருப்பு. பொடிப்பொடியாக இருந்தால் அது சாம்பலாக மாற்றப்பட்ட நிறம். நான் பெரியவருடைய பில்லை இப்படித்தான் பார்த்தேன். அரக்குப் பட்டையிலிருந்த வெள்ளை எழுத்தின் ஓரங்களில் பொடி புகுந்து, கடைப்பெயரே பாதி அடைபட்டிருந்தது. கண்ணில் படட்டும் என்று சிவப்பில் போட்ட பாக்கித் தொகை, நடுத்தரச் சாம்பலாகி, தாளில் எல்லோரும் தேடுகிற ஒன்றாகிவிட்டிருந்தது. திரையில் சாம்பல் நிறக் காட்சிக்கு மாற்றிப் பார்த்துவிட்டு "நன்றாகத்தானே தெரிகிறது" என்று சொல்லும் சக வடிவமைப்பாளர்களிடம் ஒன்று சொல்ல வேண்டும்: திரை வழுவழுப்பான சாம்பலைத்தான் காட்டும், இந்தப் புள்ளிகளைக் காட்டாது.

நான் செய்த மாற்றம் பெரிய வேலையன்று. படிக்க வேண்டிய எழுத்து அனைத்தையும் முழுக் கருப்பாக்கினேன், #000000. கோரல்டிராவில் வேலை செய்கிறவர்கள் நான்கு மையும் கலந்த கருப்பைத் தவிர்த்து, C0 M0 Y0 K100 என்று வையுங்கள். நாளைக்கு அதே பில்லை ஆஃப்செட்டில் அடிக்க நேர்ந்தால் சிறிய எழுத்தில் நிறங்கள் விலகித் தெரியாது. பட்டையை எடுத்துவிட்டு, கடைப்பெயரை வெள்ளைத் தாளில் தடித்த கருப்பில் வைத்து, கீழே ஒரு கோடு போட்டேன். அரக்கு நிறம் பெரியவருக்குப் பிடித்தது என்பதால், எழுத்து எதுவும் இல்லாத மெல்லிய கரையாக மேல் ஓரத்தில் மட்டும் விட்டுவைத்தேன். வாட்ஸாப்பில் அனுப்பும் பில்லில் அது நிறமாகவே தெரியும், தாளில் சாம்பலாக விழுந்தாலும் நட்டமில்லை. நிறத்தால் காட்டிய வேறுபாட்டை அளவாலும் தடிமனாலும் கட்டத்தாலும் காட்டினேன். தலைப்புகள் 10 பாயிண்ட், அளவு எண்கள் 12 பாயிண்ட் தடித்த எழுத்து, பாக்கித் தொகை 14 பாயிண்ட்டில் ஒரு பாயிண்ட் கோடு போட்ட கட்டத்துக்குள்.

உடனே மாற்றித் தர ஆள் கிடைக்காத கடைக்காரர்களுக்கு ஒன்று சொல்கிறேன். சில பிரிண்டர்களின் அமைப்பில் Print All Text as Black என்று ஒரு தேர்வு இருக்கும். அதை வைத்தால் நிற எழுத்து கருப்பாக வரும். ஆனால் இது இடைக்கால ஏற்பாடுதான். வடிவமைப்பைப் படமாக மாற்றிக் கொடுத்திருந்தால் பிரிண்டருக்கு அது எழுத்தென்றே தெரியாது, ஆகவே பலிக்காது. இதனாலும்தான் சொல்கிறேன்: பில்லின் மூலத்தைத் தயவுசெய்து JPG ஆகக் கொடுக்காதீர்கள், திருத்தக்கூடிய கோப்பாகக் கொடுங்கள்.

வடிவமைப்பாளர்களே, வேலையை ஒப்படைப்பதற்கு முன்னால், அந்தக் கடையில் எந்த பிரிண்டர் இருக்கிறது என்று கேளுங்கள். உங்கள் அலுவலகத்தின் கலர் பிரிண்டரில் எடுத்த மாதிரியைக் காட்டிக் கையெழுத்து வாங்காதீர்கள். ஒரு தாளை அந்தக் கடையின் பிரிண்டரிலேயே எடுத்து, அதை உண்மையில் படிக்கப் போகிறவர் கையில் கொடுங்கள். நான் பவானிக்கே போய் அப்படிச் செய்தேன். கட்டிங் மாஸ்டர் சீட்டைத் துணிக்கட்டில் குத்தி, மேசைக்கு அந்தப் பக்கம் நின்று, கண்ணாடி போடாமல் எல்லா அளவையும் படித்தார். கழுத்தளவில் மட்டும் சற்றுத் தயங்கினார். "பதினைந்தரை"யில் இருந்த அரை, ½ என்று பொடியாக விழுந்திருந்தது. அதை 15.5 என்று மாற்றி, இன்னொரு தாள் எடுத்துக் கொடுத்துவிட்டு வந்தேன்.