அரை மணித்தியாலத்தில் மூலமாகிப்போன கேட்டை

போன மாதம் காரைதீவிலிருந்து ஒரு தாயும் மகளும் என்னிடம் சாதகம் காட்ட வந்தார்கள். சம்பந்தம் பேசி முடிந்து, மகளுக்குக் கொடுக்கிற வீட்டுக்குக் கூரையும் போட்டாகிவிட்டது. அந்த நேரத்தில் மாப்பிள்ளையின் சித்தப்பா கைபேசியில் சாதகம் போட்டுப் பார்த்திருக்கிறார். பிள்ளைக்கு மூலம் முதலாம் பாதம் என்று வந்திருக்கிறது. பெண் வீட்டார் கொடுத்த குறிப்பிலோ கேட்டை. “மூலத்தை மறைக்க நட்சத்திரத்தை மாத்திக் குடுத்திருக்கிறீங்க” என்று ஊருக்குள் சொல்லிவிட்டார்கள். தாய் என் முன்னால் இருந்து அழுத அழுகையை இப்பவும் மறக்க முடியவில்லை. இந்த ஆண்டில் இதே காரணத்துக்காக என்னிடம் வந்த நாலாவது குடும்பம் இது. அதனால்தான் எழுதுகிறேன்.

பிள்ளை பிறந்தது 2003இல். ஆஸ்பத்திரித் துண்டில் காலை 8.10 என்று இருக்கிறது. சித்தப்பா அந்த நேரத்தை அப்படியே போட்டு, ஊர் என்ற இடத்தில் சென்னையைத் தெரிந்திருக்கிறார். பிழை அங்கேதான். 1996 மே 25இல் இலங்கையில் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளினார்கள். அதே ஆண்டு ஒக்டோபர் 26இல் அரை மணித்தியாலத்தைக் குறைத்தார்கள். மிச்ச அரை மணித்தியாலம் 2006 ஏப்ரல் 15 வரைக்கும் அப்படியே கிடந்தது. “பழைய நேரமா, புதிய நேரமா” என்று நாம் கேட்டுக்கொண்டு திரிந்த காலம் அது. ஆகவே 2003இல் 8.10 என்றால், இன்றைய கணக்குக்கு 7.40.

அன்றைக்குத் திருக்கணிதப்படி கேட்டை முடிந்தது இன்றைய கணக்கில் 7.52க்கு. 8.10 என்று போட்டால் மூலம் தொடங்கிப் பதினெட்டு நிமிடம். 7.40 என்று போட்டால் கேட்டை முடிய இன்னும் பன்னிரண்டு நிமிடம், அதாவது அரை நாழிகை இருக்கிறது. நட்சத்திரம் மட்டும் மாறவில்லை. தனுசு விருச்சிகமாகிறது. பிறப்புத் திசை ஏறக்குறைய முழு ஏழு வருடக் கேது திசைக்குப் பதிலாக முடியப்போகிற புதன் திசையாகிறது. பொருத்தம் முழுவதும் வேறு. அன்றைக்குக் குறிப்பு எழுதிய சாத்திரியார் நேரத்தைச் சரியாகக் கழித்துத்தான் எழுதியிருக்கிறார். யாரும் எதையும் மாற்றவில்லை.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. படுவான்கரைப் பக்கம் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த இடங்களில் பழைய நேரமே புழங்கியது. அங்கே வீட்டில் பிறந்த பிள்ளைக்கு அரை மணித்தியாலத்தைக் கழித்தால் அதுவும் பிழைதான். அதனால் அந்தப் பத்து வருடத்துக்குள் பிறந்தவர்கள் என்றால், எங்கே பிறந்தது, யாருடைய மணிக்கூட்டைப் பார்த்து எழுதியது என்றுதான் நான் முதலில் கேட்பேன். புதிய நேரத்தில் எழுதியது என்றால், செயலியில் பிறந்த ஊர் மட்டக்களப்பு அல்லது கல்முனை என்று போட்டு, நேர வலயம் 6.00 என்றும், 1996 மே 25க்கும் ஒக்டோபர் 26க்கும் இடையில் பிறந்திருந்தால் 6.30 என்றும் காட்டுகிறதா என்று பாருங்கள். 5.30 என்று காட்டினால் அந்தச் சாதகத்தை மூடி வையுங்கள்.

சரி, கேட்டை என்று நான் சொன்னதும் தாயின் முகம் தெளிந்தது. ஆனால் உள்ளதைச் சொல்லத்தானே வேண்டும். பிள்ளை கண்டாந்தத்தில்தான் பிறந்திருக்கிறது. ஆயிலியம் முடிந்து மகம், கேட்டை முடிந்து மூலம், ரேவதி முடிந்து அச்சுவினி தொடங்குகிற மூன்று இடங்களில் நட்சத்திரமும் ராசியும் ஒன்றாக முடிகின்றன. நீர் ராசி விட்டு நெருப்பு ராசி தொடங்குகிறது. அந்தச் சந்திதான் கண்டாந்தம். சில நூல்கள் சந்திக்கு இரண்டு பக்கமும் சில நாழிகைகளை மட்டும் எடுக்கின்றன. எங்களில் பலர் கடைசிப் பாதத்தையும் முதல் பாதத்தையும் முழுதாக எடுக்கிறோம். ஒரு பாதம் ஏறக்குறைய ஆறு மணித்தியாலம்.

எனக்கு ஆற்றாமையாக இருப்பது “பெண் மூலம் நிர்மூலம்” என்ற பேச்சுத்தான். ஒரு வரியை வைத்துக்கொண்டு எத்தனை பிள்ளைகளை வீட்டில் இருத்தி வைத்துவிட்டார்கள். முகூர்த்த சிந்தாமணி என்ன சொல்கிறது தெரியுமா? மூலத்தில் பிறந்தால் முதல் பாதம் தகப்பனுக்கு, இரண்டாம் பாதம் தாய்க்கு, மூன்றாம் பாதம் பொருளுக்கு ஆகாது. நாலாம் பாதம் நல்லது. அதே சுலோகத்திலேயே, சாந்தி செய்தால் எல்லாப் பாதமும் நல்லது என்றும் இருக்கிறது. பயத்தைச் சொன்ன வாயாலேயே தீர்வையும் சொல்லிவிட்டார்கள். நாம் முன்பாதியை மட்டும் பிடித்துக்கொண்டோம்.

கலியாண விசயத்திலும் அப்படித்தான். மூலத்தில் பிறந்தவர் மாமனாருக்கு ஆகாது என்று சொல்கிற இடத்தில் அந்த நூல் மகள், மகன் இருவரையும் சேர்த்தே சொல்கிறது. மாப்பிள்ளைக்கு மூலம் என்று பெண்ணின் தகப்பன் பயந்து வந்ததை என் அனுபவத்தில் ஒருமுறைகூடக் கண்டதில்லை. இங்கே மாப்பிள்ளை வந்து இருப்பதே பெண் வீட்டில்! அப்படியிருந்தும் பெண்ணின் சாதகத்தைத்தான் புரட்டுகிறார்கள். மூலம் நாலாம் பாதத்துக்கு அந்தத் தோசம் இல்லை என்பதும் அங்கேயே இருக்கிறது. கேட்டைப் பெண் என்றால் கணவனின் மூத்த சகோதரனுக்கு ஆகாது என்பார்கள். காரைதீவுப் பிள்ளைக்குப் பேசிய மாப்பிள்ளையே வீட்டில் மூத்தவர். இல்லாத மூத்தாருக்கு என்ன தோசம்?

சாந்தியைப் பற்றியும் கேட்பீர்கள். வழக்கமாகச் சொல்லப்படுவது, பிறந்த நட்சத்திரம் திரும்பி வருகிற நாளில், ஏறக்குறைய 27ஆம் நாளில், செய்ய வேண்டும் என்பது. கும்பம் வைத்து அந்த நட்சத்திரத்தின் தேவதையை அழைப்பார்கள். மூலத்துக்கு நிருதி, கேட்டைக்கு இந்திரன். செபம், ஓமம் முடிந்து கும்பத் தண்ணீரைத் தாய், தகப்பன், பிள்ளை மூவருக்கும் தெளித்து, தானம் கொடுத்து, தகப்பன் நெய்யிலோ எண்ணெயிலோ பிள்ளையின் முகத்தைப் பார்ப்பது. அவ்வளவுதான். விட்டுப்போனால் பிறகு ஒரு சென்ம நட்சத்திரத்தில் செய்யலாம். ஊர்க் கோயில் ஐயர் போதும். இலட்சக்கணக்கில் கேட்கிறவரிடம் போகாதீர்கள்.

பச்சைப் பிள்ளையைக் கும்பத் தண்ணீரால் முழுக வார்க்காதீர்கள். இரண்டு சொட்டுத் தெளித்தால் சாந்தி குறைந்துவிடாது. ஓமப் புகைக்குப் பக்கத்தில் வைக்க வேண்டாம். வாயில் எதையும் ஊற்ற வேண்டாம். அப்புறம், தகப்பன்மாரே, உங்களைக் கையெடுத்துக் கேட்கிறேன்: 27 நாள் வரைக்கும் பிள்ளையைப் பார்க்காமல் ஒளிந்து திரியாதீர்கள். பெற்று இரண்டு நாளான தாய், “என் பிள்ளையால இவருக்கு ஏதாவது ஆகிடுமோ” என்று கட்டிலில் கிடந்து நடுங்குவதை நான் கண்டிருக்கிறேன். எட்டாம் பாவம், ஒன்பதாம் பாவம், சூரியன், குரு எதையும் பாராமல் ஒரு பாதத்தை வைத்துக்கொண்டு ஒருவரின் ஆயுளைச் சொல்கிற சோதிடர் தன் தொழிலைச் செய்யவில்லை.

காரைதீவுத் தாயிடம் சாந்தி செய்தீர்களா என்று கேட்டேன். அவருக்கு ஞாபகம் இல்லை. தன் தாய்க்குத் தொலைபேசி எடுத்தார். “இல்லாமலா? முப்பத்தொண்டு முடியமுதல் பிள்ளையாரடியில கும்பம் வெச்சுச் செஞ்சதுதானே, தகப்பன் எண்ணெய்க்குள்ள முகம் பாத்தவரு” என்று அம்மம்மாவின் சத்தம் எனக்கே கேட்டது.

புதுக் குறிப்பு எழுதிக் கொடுத்தேன். மேலே முதல் வரியில் பெரிதாக எழுதினேன்: பிறந்த நேரம் காலை 8.10, புதிய நேரம். பழைய நேரம் 7.40. ஆஸ்பத்திரித் துண்டின் பிரதியையும் அதோடு குத்தி, மாப்பிள்ளையின் சித்தப்பாவை அவருடைய கைபேசியோடு என்னிடம் வரச்சொல்லி அனுப்பினேன். வந்தார். ஊரை மட்டக்களப்பு என்று மாற்றினோம். கேட்டை நாலாம் பாதம் என்று அவருடைய கைபேசியே காட்டியது.