ரெஸ்டோர் என்றால் ‘மீட்டமை’ இல்லை

“அழிந்த பத்தியைப் பெற, பழைய பதிப்பை மீட்டமைக்கவும்.” கூகுள் டாக்ஸில் சேர்ந்து எழுதுவோருக்கான ஒரு தமிழ்க் கையேட்டில் இருந்த வரி இது. இதே சொல்லைப் பல இடங்களில் பார்த்துச் சலித்துவிட்டேன். இந்த முறை அது எங்கள் ஆண்டு மலரையே குழப்பிவிட்டது.

நால்வர் சேர்ந்து எழுதும் மலர். செவ்வாய்க்கிழமை காலை ஒருவர் கட்டுரையைச் சுருக்கும்போது இரண்டு பத்திகளை நீக்கிவிட்டார். வியாழக்கிழமைதான் இன்னொருவர் கவனித்தார். Ctrl+Z அழுத்திப் பார்த்தார், பயனில்லை. அது அவரவர் செய்த மாற்றத்தை மட்டுமே திருப்பும். அப்புறம் கையேட்டின்படி திங்கட்கிழமைப் பதிப்பைத் திறந்து `Restore this version` பொத்தானை அழுத்தினார். பத்திகள் வந்தன. ஆனால் மற்ற இருவர் புதனன்று சேர்த்த இரண்டு பக்கங்கள் மறைந்தன. முழு ஆவணமே திங்கட்கிழமைக்குப் போய்விட்டது.

ரெஸ்டோர் என்பது லத்தீன் ‘ரெஸ்டௌராரே’யிலிருந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. பழுதுபார்த்துப் பழைய நிலைக்குக் கொண்டுவருவது என்று பொருள். நம்மிடம் இதற்கு ‘மீள்’ இருக்கிறது. மீண்டான் என்றால் தானே திரும்பினான், மீட்டான் என்றால் வேறொன்றைத் திரும்பக் கொண்டுவந்தான். அடகு வைத்த நகையை மீட்கிறோம். பெட்டகத்தில் எத்தனை நகை இருந்தாலும் நம் சங்கிலி மட்டும் கைக்கு வருகிறது, மற்றவர் நகை அங்கேயே இருக்கிறது. பத்தியை மீட்பதும் இப்படித்தான் இருக்க வேண்டும்.

‘மீட்டமை’யில் சிக்கல் எங்கே? அதில் ‘அமை’ ஒட்டிக்கொண்டிருக்கிறது. போனில் எல்லாவற்றையும் அழித்து ஆரம்ப நிலைக்குக் கொண்டுபோகும் ரீசெட்டுக்கும் ‘மீட்டமை’ என்றுதான் போடுகிறார்கள். இழந்ததைத் திரும்ப எடுப்பதற்கும், இருப்பதைத் துடைத்துவிட்டு முதலிலிருந்து தொடங்குவதற்கும் ஒரே சொல்லா? ‘மீள்’, ‘அமை’ இரண்டும் நல்ல தமிழ் வேர்கள் என்பதால் தூய்மை இங்கே பிரச்சினை இல்லை. தெளிவுதான் பிரச்சினை. ‘திரும்பப் பெறு’ என்று சிலர் எழுதுவதும் சரியில்லை. வழக்கைத் திரும்பப் பெற்றார்கள் என்றால் கைவிட்டார்கள் என்றுதானே அர்த்தம்!

மொழிபெயர்ப்பாளர்களை மட்டும் குறை சொல்ல முடியாது. திரையைக் காட்டாமல் சொற்பட்டியலை மட்டும் கொடுத்துவிடுகிறார்கள். ஆனால் கையேடு எழுதுபவர் பொத்தானை ஒரு முறையாவது அழுத்திப் பார்த்திருக்கலாம். பார்த்திருந்தால் அங்கே இரண்டு வேலைகள் இருப்பது தெரிந்திருக்கும்.

முதல் வேலை முழு ஆவணத்தையும் பின்னோக்கிக் கொண்டுபோவது. பொத்தான் செய்வது இதை மட்டுமே. இதற்கு ‘இந்தப் பதிப்புக்குத் திரும்பு’ என்பதே பொருத்தம். நீளம்தான், ஆனால் எதற்குத் திரும்புகிறோம் என்று அது சொல்லிவிடுகிறது. திரும்பினாலும் பிந்தைய பதிப்புகள் அழிவதில்லை, வரலாற்றுப் பட்டியலில் அப்படியே இருக்கும். எங்கள் புதன்கிழமைப் பக்கங்கள் பிழைத்தது அதனால்தான். பொத்தானை அழுத்துவதற்கு முந்தைய பதிப்பைத் தேடி அதற்கே மறுபடி திரும்பினோம்.

இரண்டாவது வேலை பத்தியை மட்டும் எடுப்பது. இதுவே ‘மீட்டெடு’. இதற்குத் தனிப் பொத்தான் கிடையாது, கையால்தான் செய்ய வேண்டும். `File` → `Version history` → `See version history` போனால் வலப்பக்கம் தேதிகள் வரும். திருத்தும் உரிமை உள்ளவருக்குத்தான் இது திறக்கும். செவ்வாய்க்கிழமைக்கு அருகே உள்ள சிறு அம்புக்குறியை விரித்தால், யார் எப்போது மாற்றினார் என்று நேரவாரியாகத் தெரியும். மாற்றங்களைக் காட்டும் பெட்டி தேர்வாகியிருந்தால், நீக்கிய வரிகள் நீக்கியவரின் நிறத்தில் குறுக்குக் கோடு போட்டு நிற்கும். அதைப் பார்த்து நீக்கிய நேரத்தை உறுதிசெய்துகொண்டு, அதற்குச் சற்று முந்தைய பதிப்பைத் திறந்தோம். இரண்டு பத்திகளை மட்டும் தேர்ந்து நகலெடுத்து, இன்றைய ஆவணத்துக்குத் திரும்பி உரிய இடத்தில் ஒட்டினோம். புதன்கிழமைப் பக்கங்களுக்கு எந்தச் சேதமும் இல்லை.

ஒரு குறை உண்டு. ஒட்டிய பத்திகள் இனி வரலாற்றில் ஒட்டியவரின் பெயரிலேயே நிற்கும், முதலில் எழுதியவர் பெயரில் அல்ல. அதனால் பக்கத்தில் ஒரு குறிப்புப் போட்டு, “செவ்வாய்ப் பதிப்பிலிருந்து மீட்டெடுத்தது” என்று எழுதி வைத்தோம். அந்த வாக்கியத்தில் ‘மீட்டமைத்தது’ என்று போட்டுப் பாருங்கள், என்ன நடந்தது என்று யாருக்குப் புரியும்?