குவான்டைல் ரிக்ரஷன்: தமிழ்ல என்ன சொல்லலாம், அந்த 0.9 யாரைக் குறிக்குது

போன வாரம் ஒரு கட்டுரை வாசிச்சேன், படிப்பு கூடினா கூலி எவ்வளவு கூடும்னு பேசுற கட்டுரை, அதுல குவான்டைல் ரிக்ரஷனை "அளவு பின்னடைவு"ன்னு மொழிபெயர்த்திருந்தாங்க. கூடவே "0.9 அளவில் உள்ள பணக்காரர்களுக்குக் கல்வி அதிகம் பயன் தருகிறது"ன்னு ஒரு வரி. சொல்லும் தப்பு, அந்த வரியோட அர்த்தமும் தப்பு, ரெண்டு தப்புக்கும் ஒரே வேர்தான்னு எனக்குத் தோணுது, அதனாலதான் சொல்லுல இருந்தே ஆரம்பிக்கறேன்.

முதல்ல ரிக்ரஷன். லத்தீன்ல பின்னாடி திரும்பிப் போறதுன்னு பொருள். 1886ல பிரான்சிஸ் கால்டன், ரொம்ப உயரமான பெத்தவங்களோட பிள்ளைங்க அந்த அளவுக்கு உயரமா இல்லாம சராசரிப் பக்கம் திரும்பி வர்றதைக் கவனிச்சு அதுக்கு இந்தப் பேரை வெச்சார். அப்புறம் அவர் போட்ட கோடு எல்லா வேலைக்கும் பயன்பட ஆரம்பிச்சுது, பேரு மட்டும் ஒட்டிக்கிச்சு. இன்னைக்கு அந்தக் கோடு எங்கயும் திரும்பிப் போகல, ஒண்ணு மாறும்போது இன்னொண்ணு எப்படி மாறுதுன்னு காட்டுது, அவ்வளவுதான். தமிழ்ல பின்னடைவுன்னா தோல்வி, சறுக்கல்னுதான் காதுல விழும், தேர்தல் முடிவு வர்ற அன்னைக்கு டிவில கேக்கற சொல் அது. நம்ம பள்ளிப் புத்தகத்துல தொடர்புப் போக்குன்னு இருக்கு, இலங்கைல பிற்செலவுன்னு சொல்வாங்க. எனக்குத் தொடர்புப் போக்குதான் பிடிக்கும், கோடு செய்யற வேலையை அப்படியே சொல்லுது.

குவான்டைல் கொஞ்சம் புதுசு, வரிசைல ஒரு இடத்தைக் குறிக்கற சொல், 0.9ன்னா பத்துல ஒன்பது பங்கு பேர் அதுக்குக் கீழ நிக்கற இடம். லத்தீன்ல குவாண்டுஸ்னா எவ்வளவு. குவார்டைல், பெர்சென்டைல் எல்லாம் ஏற்கனவே இருந்துச்சு, அந்த வால்ல இதை ஒட்டி 1940ல மாரிஸ் கெண்டால் இந்தப் பொதுச் சொல்லைப் பயன்படுத்தினார். நம்மகிட்டயும் அதே குடும்பம் இருக்கு பாருங்க, நாலாப் பிரிச்சா கால்மானம், பத்தாப் பிரிச்சா பதின்மானம், நூறாப் பிரிச்சா நூற்றுமானம். மானம்னா அளவு. எத்தனையாப் பிரிச்சாலும் பொருந்தற பொதுச் சொல்தான் குறையுது. கூறு போடறதுன்னு சொல்றோம்ல, அதுல இருந்து கூறுமானம்னு வெச்சுக்கலாம்ங்கறது என் யோசனை. அப்போ மொத்தச் சொல் கூறுமானத் தொடர்புப் போக்கு. வெறும் "அளவு"ன்னு போட்டா வரிசைல நிக்கற இடம்ங்கற அர்த்தமே தொலைஞ்சு போகுது, அதுதான் இந்தச் சொல்லோட உயிர்.

சரி, அது என்னதான் பண்ணுது? ஒரு சின்னக் கணக்கு போடறேன், எண்கள் எல்லாம் விளக்கத்துக்காக நானே வெச்சது. பத்து வருஷம் படிச்ச அஞ்சு பேர், அவங்க மணிநேரக் கூலி 40, 50, 60, 80, 100. பதினஞ்சு வருஷம் படிச்ச அஞ்சு பேர், அவங்களுக்கு 52, 70, 93, 140, 200. கூலி எப்பவும் மேல் பக்கம் நீண்டு கிடக்கும்ங்கறதால லாக் எடுத்துதான் கணக்கு பண்ணுவாங்க, லாக் எடுத்தா வித்தியாசம் தோராயமா சதவீதமா வரும்.

வழக்கமான சராசரிக் கோடு போட்டா ஒரு வருஷப் படிப்புக்கு 9.2 சதவீதம்னு ஒரே ஒரு எண் வரும். ஆனா ரெண்டு வரிசையையும் பக்கத்துல பக்கத்துல நிறுத்திப் பாருங்க. கடைசி ஆளுக்குக் கடைசி ஆள் 40க்கு 52, அதாவது 1.3 மடங்கு, வருஷத்துக்கு 5.2 சதவீதம். நடு ஆளுக்கு நடு ஆள் 60க்கு 93, வருஷத்துக்கு 8.8. உச்சி ஆளுக்கு உச்சி ஆள் 100க்கு 200, வருஷத்துக்கு 13.9. கூறுமானத் தொடர்புப் போக்கு இந்த மூணு எண்ணையும் தனித்தனியாத் தரும், 0.1, 0.5, 0.9ன்னு பேர் போட்டு. 9.2ங்கற ஒத்தை எண்ணுக்குள்ள இவ்வளவு வித்தியாசம் ஒளிஞ்சு கிடந்திருக்கு.

கோடு எப்படி மேல போய் நிக்குதுன்னு கேக்கலாம். சராசரிக் கோடு தப்போட வர்க்கத்தைக் குறைக்குது. இது தப்பை அப்படியே எடுத்துக்கிட்டு மேல் பக்கத் தப்புக்கு ஒரு எடை, கீழ்ப் பக்கத் தப்புக்கு வேற எடை போடுது, 0.9க்குன்னா கோட்டுக்கு மேல விழற ஆளுக்கு 0.9 எடை, கீழ விழற ஆளுக்கு 0.1 எடை. முதல் குழுவுல 80ன்னு ஊகிச்சா மேல இருக்கற 100 தர்ற தப்பு 20, எடையோட 18, கீழ இருக்கற மூணு பேரோட தப்பு மொத்தம் 90, எடையோட 9, ஆக 27. அதுவே 100ன்னு ஊகிச்சா மேல யாரும் இல்ல, கீழ மொத்தம் 170, எடையோட 17 மட்டும்தான். அதனால 100 ஜெயிக்குது. மேல் பக்கத் தப்பு ஒன்பது மடங்கு வலிக்கறதால கோடு தானா மேல ஏறி நின்னுக்குது. ரெண்டு எடையும் சமமா 0.5 ஆனா நடு ஆள்கிட்ட நிக்கும். இந்த நடுக்கோட்டு யோசனை பழசு, 18ஆம் நூற்றாண்டு நடுவுலயே பூமியோட வடிவத்தைக் கணக்கு பண்ண போஸ்கோவிச் இதைப் போல ஒண்ணைப் பண்ணிட்டார், லெஜாந்தர் வர்க்க முறையை வெளியிட்டது 1805லதான். எல்லாக் கூறுக்கும் பொதுவா இதை விரிச்சது 1978ல ரோஜர் கோங்கரும் கில்பர்ட் பாசெட்டும்.

கம்ப்யூட்டர்ல ஆர்ங்கற புள்ளியியல் மொழில பண்ணனும்னா இவ்வளவுதான்:

```r
library(quantreg)
d <- data.frame(
  wage = c(40, 50, 60, 80, 100, 52, 70, 93, 140, 200),
  educ = rep(c(10, 15), each = 5))
rq(log(wage) ~ educ, tau = c(0.1, 0.5, 0.9), data = d)
```

இப்போ அந்தத் தப்பான வரிக்கு வர்றேன். 0.9ன்னா பணக்காரர் இல்ல. தன்னை மாதிரியே படிச்சவங்களுக்குள்ள உச்சில நிக்கறவர். நம்ம கணக்குல 70 வாங்கற ஆள் பதினஞ்சு வருஷக் குழுவுல கீழ இருந்து ரெண்டாவது, அதாவது 0.3 கூறு. 60 வாங்கற ஆளோ பத்து வருஷக் குழுவுல நட்ட நடு, 0.5 கூறு. கூலி குறைவா வாங்கறவர் "மேல் கூறு", கூட வாங்கறவர் "கீழ் கூறு". பத்து பேரையும் ஒண்ணா வரிசைல நிறுத்தினா கதையே வேற. வயசு, அனுபவம், ஊர்னு இன்னும் நாலு விஷயத்தைச் சேர்த்தா கூறுங்கறது அந்த எல்லாமே ஒண்ணா இருக்கறவங்களுக்குள்ள நிக்கற இடமா ஆயிடும், மொத்த ஊதிய வரிசைல இருந்து இன்னும் தூரமாப் போயிடும். மொத்த வரிசையோட மேல்பகுதி எப்படி மாறும்னுதான் தெரியணும்னா அதுக்கு வேற முறை இருக்கு, 2009ல ஃபிர்போ, ஃபோர்டின், லெமியூ மூணு பேரும் சேர்ந்து கொடுத்தது, நிபந்தனையற்ற கூறுமானத் தொடர்புப் போக்குன்னு சொல்லலாம்.

இதை விட மோசமான ஒரு வேலை இருக்கு, நிறைய பேர் பண்றாங்க, முதல் தடவை நானும் அப்படித்தான் பண்ணினேன். கூலி குறைவா வாங்கறவங்களைத் தனியா, கூட வாங்கறவங்களைத் தனியாப் பிரிச்சு ரெண்டுலயும் சாதாரணக் கோடு போட்டுட்டு, இதுதானே கூறுமானம்னு நினைக்கறது. நம்ம பத்து பேர்லயே செஞ்சு பாருங்க. கீழ்ப்பாதி 40, 50, 52, 60, 70, இதுல வருஷத்துக்கு வர்றது 4.0 சதவீதம். மேல்பாதி 80, 93, 100, 140, 200, இதுல 8.6. மொத்தப் பத்து பேருக்கும் 9.2 வந்துச்சே, ரெண்டு பாதியுமே அதை விடக் கம்மியா எப்படி இருக்க முடியும்? விளைவையே வெச்சு ஆளைப் பொறுக்கினதுதான் காரணம். படிச்சு நல்லா சம்பாதிக்கறவங்க கீழ்ப்பாதில இருந்து வெளிய போயிட்டாங்க, படிக்காம குறைவா சம்பாதிக்கறவங்க மேல்பாதில இல்லவே இல்ல, ரெண்டு பக்கமும் சரிவு மட்டமாயிடுது. யாராவது அட்டவணை காட்டினா இதைத்தான் முதல்ல பார்ப்பேன், எல்லாப் பிரிவோட எண்ணும் மொத்த எண்ணை விடக் கம்மியா இருந்தா ஆளைப் பொறுக்கியிருக்காங்கன்னு சந்தேகப்படலாம். கூறுமான முறைல யாரையும் வெளிய தள்றதில்ல, ஒவ்வொரு கோட்டுக்கும் எல்லாரும் இருக்காங்க, எடை மட்டும்தான் மாறுது.

நிஜத் தரவுல என்ன கண்டாங்கன்னா, அமெரிக்க மக்கள்தொகைக் கணக்குல 40ல இருந்து 49 வயசுக்குள்ள இருந்த ஆண்களை வெச்சு ஆங்ரிஸ்ட், செர்னோஷுகோவ், ஃபெர்னாண்டஸ்-வால் 2006ல போட்ட கணக்கு இருக்கு. 1980ல எந்தக் கூறுல பார்த்தாலும் ஒரு வருஷப் படிப்புக்கு ஏறக்குறைய 7, 8 சதவீதம்தான், கோடுகள் ஒண்ணுக்கொண்ணு இணையாப் போகுது. 2000ல கீழ 0.1ல சுமார் 9, நடுவுல 11, மேல 0.9ல 16 பக்கம். சராசரியை மட்டும் பார்த்திருந்தா படிப்போட மதிப்பு 7ல இருந்து 11க்கு ஏறிச்சுன்னு சொல்லி முடிச்சிருப்போம். ஒரே படிப்பு படிச்சவங்களுக்குள்ளயே இடைவெளி விரிஞ்சுதுங்கறது இந்தக் கோடுகள்லதான் தெரியுது. நம்ம சின்னக் கணக்குலயும் அதேதான், பத்து வருஷக் குழுவுல உச்சிக்கும் அடிக்கும் 2.5 மடங்கு, பதினஞ்சு வருஷக் குழுவுல 3.8 மடங்கு. 2004ல மார்டின்ஸும் பெரேராவும் 16 நாடுகளைப் பார்த்து மேல் கூறுல பலன் கூடங்கறதைப் பொதுவாக் கண்டாங்க. படிப்புக்குத் தகுந்த வேலை கிடைக்காதது, பள்ளிகளோட தரம் ஒண்ணு போல இல்லாதது, திறமையும் படிப்பும் சேர்ந்தா ரெட்டிப்பா வேலை செய்யறதுன்னு காரணம் பல சொல்லலாம். எது உண்மைன்னு கோடு சொல்லாது.

இன்னொரு எல்லையும் உண்டு. பத்து வருஷக் குழுவுல 40 வாங்கற ஆளை இன்னும் அஞ்சு வருஷம் படிக்க வெச்சா அவர் 52 வாங்குவார்னு இந்த முறை சொல்லவே இல்ல. அவர் புதுக் குழுவுல அடில நிப்பாரா நடுவுல நிப்பாரான்னு யாருக்குத் தெரியும், சில பேர் படிச்சதும் வரிசைல நாலு இடம் தாண்டிப் போவாங்க. ரெண்டு வரிசையோட அடி இடங்களை ஒப்பிட்டது மட்டும்தான் 5.2. வரிசை கலையாதுன்னு தனியா ஒரு அனுமானம் வெச்சாத்தான் அது அந்த ஆளோட கதை ஆகும். திறமை இருக்கறவங்கதான் அதிகம் படிக்கறாங்கங்கற பழைய சிக்கலும் இங்க அப்படியேதான் கிடக்கு, கூறு மாத்தினதால அது தீராது.

அதனால அந்தக் கட்டுரையோட வரியை நான் எழுதியிருந்தா இப்படி எழுதியிருப்பேன்: "ஒரே அளவு படித்தவர்களின் கூலி வரிசையில், அதிகப் படிப்புக் குழுவின் மேல்கூறுக்கும் குறைந்த படிப்புக் குழுவின் மேல்கூறுக்கும் உள்ள இடைவெளி, கீழ்க்கூறுகளுக்கு இடையே உள்ள இடைவெளியைவிடப் பெரியது." நீளம்தான், ஆனா பணக்காரர்ங்கற சொல்லுக்கு இதுல இடமே இல்ல.