மூன்று சைலீன்களைப் பிரித்தறிய எத்தனை கோடுகள்?

பென்சீன் வளையத்தில் இரண்டு மெத்தில் தொகுதிகளைப் பொருத்த மூன்று வழிகள்தான் உண்டு. பக்கத்துப் பக்கத்தில் வைத்தால் ஆர்த்தோ சைலீன், ஒன்று விட்டு ஒன்றில் வைத்தால் மெட்டா, நேரெதிரே வைத்தால் பாரா. மூன்றுக்கும் மூலக்கூறு வாய்பாடு C8H10. எடையும் ஒன்றே என்பதால் மூலக்கூறு எடையை அளந்து பயனில்லை. கொதிநிலையிலும் ஆர்த்தோ மட்டும் 144 டிகிரி செல்சியஸ் என்று சற்று விலகி நிற்கிறது. மெட்டா 139, பாரா 138. சாதாரண வெப்பமானியை நம்பி அந்த ஒரு டிகிரியில் தீர்ப்புச் சொல்ல முடியாது.

காந்தப்புலத்தில் வைத்த அணுக்கருக்கள் எந்த அலைவெண்ணில் ஒத்ததிர்கின்றன என்பதைக் கோடுகளாகக் காட்டுவது என்எம்ஆர் நிறமாலை; கோடு விழும் இடத்தை பிபிஎம் என்ற அளவில் சொல்வார்கள். புரோட்டான் என்எம்ஆர் எடுத்தால் மெத்தில் புரோட்டான்கள் மூன்று சேர்மத்திலும் 2.3 பிபிஎம் அருகிலேயே வரும். வளையப் புரோட்டான்களோ 7 பிபிஎம்மை ஒட்டி ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடக்கும். கார்பன்-13 என்எம்ஆரில் அந்த நெரிசல் இல்லை. கோடுகளை எண்ணினாலே போதும்: ஆர்த்தோவுக்கு நான்கு, மெட்டாவுக்கு ஐந்து, பாராவுக்கு மூன்று. ஆனால் எண்ணிக்கையில் ஒன்று குறைந்தால் ஒரு சைலீன் இன்னொரு சைலீனாகவே தோற்றமளிக்கும். அதனால் இந்த எண்கள் எங்கிருந்து வருகின்றன, எங்கே தவறும் என்ற இரண்டையும் சேர்த்தே தெரிந்துகொள்ள வேண்டும்.

இயற்கையில் உள்ள கார்பனில் 1.1 சதவீதம்தான் கார்பன்-13. கருவியின் கண்ணுக்குப் படுவது அது மட்டுமே. இத்தனை அரிதாக இருப்பதில் ஒரு வசதியும் உண்டு. ஒரு கார்பன்-13 அணுவுக்கு அடுத்ததும் கார்பன்-13 ஆக இருக்கும் வாய்ப்பு மிகக் குறைவு, எனவே கார்பனும் கார்பனும் ஒன்றையொன்று பிளப்பது நிறமாலையில் தெரிவதில்லை. புரோட்டான்கள் ஏற்படுத்தும் பிளவை, அளவீடு நடக்கும்போது புரோட்டான்களுக்கும் ரேடியோ அலை கொடுத்து நீக்கிவிடுகிறார்கள். மிஞ்சுவது, ஒருவகைக் கார்பனுக்கு ஒற்றைக் கோடு. சூழல் ஒன்றாக இருக்கும் கார்பன்கள் எத்தனை இருந்தாலும் அவற்றுக்கு ஒரே கோடுதான்.

எந்தக் கார்பன்கள் ஒரேவகை என்பதைச் சமச்சீர் தீர்மானிக்கிறது. வளையத்தைத் தாளில் வரைந்து, அதன்மேல் செங்குத்தாக ஒரு கண்ணாடியை நிறுத்துவதாக வைத்துக்கொள்ளுங்கள். எந்த இடத்தில் நிறுத்தினால் ஒரு பாதியின் பிம்பம் மறுபாதியோடு அப்படியே பொருந்துகிறதோ, அங்கே சமச்சீர்த் தளம் இருக்கிறது. அந்தத் தளத்தின் இருபுறமும் இணையாக அமையும் கார்பன்கள் ஒரே கோட்டைத் தரும். தளத்தின் மேலேயே இருக்கும் கார்பனுக்கு அந்தத் தளம் ஜோடி தராது.

ஆர்த்தோவில் இரு மெத்தில்களுக்கு நடுவே தளம் செல்கிறது. 1ஆம் கார்பனுக்கு 2, 3ஆம் கார்பனுக்கு 6, 4ஆம் கார்பனுக்கு 5 என்று வளையத்தில் மூன்று ஜோடிகள். மெத்தில்கள் இன்னொரு ஜோடி. ஆகமொத்தம் நான்கு கோடுகள். மெட்டாவில் தளம் 2ஆம் கார்பன் வழியாகவும் 5ஆம் கார்பன் வழியாகவும் போகிறது. அந்த இரண்டும் தனித்தனிக் கோடு தரும். மெத்தில் தாங்கும் 1, 3 ஒரு ஜோடி, 4, 6 இன்னொரு ஜோடி, மெத்தில்கள் ஒரு ஜோடி. ஆக ஐந்து. பாராவில் ஒன்றுக்கொன்று செங்குத்தாக இரண்டு தளங்கள் கிடைப்பதால், ஹைட்ரஜன் தாங்கும் நான்கு வளையக் கார்பன்களும் ஒன்றாகிவிடுகின்றன. மெத்தில் தாங்கும் இரண்டும் ஒன்று, மெத்தில்கள் ஒன்று. மூன்றே கோடுகள்.

வளையத்தை எப்படி வரைகிறோம் என்பதிலேயே முதல் தவறு ஒளிந்திருக்கிறது. ஒற்றைப் பிணைப்பும் இரட்டைப் பிணைப்பும் மாறிமாறி வரும் கெக்குலே வடிவத்தை வரைந்து, இரட்டைப் பிணைப்புகளையும் கணக்கில் சேர்த்துக் கண்ணாடி வைத்தால் விடை கெட்டுப்போகும். ஆர்த்தோவுக்கு அப்போதும் நான்குதான் வரும், அதனால் தவறு வெளியே தெரியாது. மெட்டாவின் சமச்சீரோ முற்றிலும் உடைந்து, எட்டுக் கார்பனுக்கும் எட்டுக் கோடு என்று ஆகிவிடும். பாராவில் ஒரு தளம் மட்டும் தப்பிப் பிழைக்கும்; ஹைட்ரஜன் தாங்கும் கார்பன்கள் இரண்டு வகையாகப் பிரிந்து நான்கு கோடு என்று விடை வரும். அதாவது பாராவும் ஆர்த்தோவும் ஒரே எண்ணிக்கையில் வந்து நிற்கும். உண்மையில் பென்சீன் வளையத்தின் ஆறு பிணைப்புகளும் ஒரே நீளம். சமச்சீர் பார்க்கும்போது அறுகோணத்துக்குள் வட்டம் போட்டு வரைவதே பாதுகாப்பு.

இனி அளவீட்டுக்கு வருவோம். 5 மில்லிமீட்டர் குழாயில் ஏறக்குறைய 0.6 மில்லிலிட்டர் டியூட்ரோகுளோரோஃபார்ம் எடுத்து, அதில் 30 முதல் 50 மில்லிகிராம் சைலீனைக் கரைத்தால் போதுமானது. புரோட்டானுக்கு 400 மெகாஹெர்ட்ஸ் எனப்படும் கருவியில் கார்பன் ஏறத்தாழ 100 மெகாஹெர்ட்ஸில் ஒத்ததிர்கிறது, எனவே 1 பிபிஎம் என்பது 100 ஹெர்ட்ஸ். சைலீன் ஒன்றுக்குள்ளேயே மிக நெருங்கிய கோடுகள்கூட ஒன்றரை பிபிஎம்முக்கு மேல் விலகி நிற்பதால், அவை கலந்துவிடுமோ என்ற கவலை வேண்டாம். கரைப்பான் 77 பிபிஎம்மில் சம உயரமுள்ள மூன்று கோடுகளாக வரும். அதற்குக் காரணம், டியூட்டீரியம் தான் ஒட்டியிருக்கும் கார்பனைப் பிளப்பதுதான். புரோட்டானை நீக்கும் அலை டியூட்டீரியத்தைத் தொடாது. 0 பிபிஎம்மில் உள்ள ஒப்பீட்டுக் கோட்டையும் இந்த மூன்றையும் தள்ளிவிட்டுத்தான் எண்ண வேண்டும்.

ஒரு மாதிரியை இப்படி ஓட்டியதில் 21.3, 126.1, 128.2, 130.0 என நான்கு கோடுகள் பட்டியலில் வந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். நான்கு என்றால் ஆர்த்தோ என்று எழுதிவிடத் தோன்றும். அது தவறு, இந்த மாதிரி மெட்டா. ஐந்தாவது கோடு 137.7 பிபிஎம் அருகே, இரைச்சலுக்குச் சற்றே மேலே, மென்பொருள் கோடுகளைப் பொறுக்கும் வரம்புக்குக் கீழே கிடக்கிறது.

அது குட்டையாக இருப்பதற்குக் காரணம் உண்டு. ஒரு கார்பனைத் துடிப்பால் கிளப்பியபின் அது பழைய நிலைக்குத் திரும்பினால்தான் அடுத்த துடிப்புக்கு முழுச் சமிக்ஞை தரும். அப்படித் திரும்ப முக்கியமாக உதவுவது அதன்மேல் ஒட்டியிருக்கும் ஹைட்ரஜன். மெத்தில் தாங்கும் வளையக் கார்பனில் ஹைட்ரஜன் இல்லை. எனவே அது திரும்ப மற்றவற்றைவிட வெகுநேரம் பிடிக்கும். 2 விநாடிக்கு ஒரு துடிப்பு என்று ஓட்டினால், பாதிகூடத் தேறாத நிலையிலேயே அதன்மேல் அடுத்த அடி விழுகிறது. இத்துடன், புரோட்டான்களுக்கு அலை கொடுப்பதால் பக்கத்துக் கார்பனின் சமிக்ஞை ஏறக்குறைய மூன்று மடங்குவரை பெருகும். ஹைட்ரஜன் இல்லாத கார்பனுக்கு அந்தக் கொடையும் குறைவாகவே கிடைக்கிறது.

மூன்று சைலீன்களிலும் இத்தகைய கோடு ஒவ்வொன்று உண்டு. அது காணாமல் போனால் மெட்டா நான்காகி ஆர்த்தோ போலவும், ஆர்த்தோ மூன்றாகிப் பாரா போலவும் நிற்கும். மொத்த எண்ணிக்கையை மட்டும் நம்பக் கூடாது என்பது இதனால்தான். கோடு எந்த இடத்தில் விழுகிறது என்பதையும் சேர்த்துப் பார்த்தால் தவறு உடனே பிடிபடும். ஹைட்ரஜன் தாங்கும் வளையக் கார்பன்கள் ஏறத்தாழ 125 முதல் 130 வரை வரும். மெத்தில் தாங்குபவை அதற்கு மேலே: ஆர்த்தோவில் 136.4, மெட்டாவில் 137.7, பாராவில் 134.7. நம் மாதிரியில் 125க்கும் 130க்கும் இடையே மூன்று கோடுகள் இருந்தும், மேலே ஒன்றுமே இல்லை. மெத்தில் ஒட்டாத சைலீன் கிடையாது, ஆகவே ஒரு கோடு கட்டாயம் விடுபட்டிருக்கிறது. மெத்தில் கோட்டின் இடமும் அதையே சொல்கிறது. ஆர்த்தோவில் இரு மெத்தில்களும் நெருக்கியடித்து நிற்பதால் அவற்றின் கோடு 19.7க்கு இறங்கிவிடும், மெட்டாவிலும் பாராவிலும் 21 அருகில் இருக்கும்.

துடிப்புகளுக்கு இடையிலான காத்திருப்பை 2 விநாடியிலிருந்து 10 விநாடிக்கு மேல் கூட்டி மறுபடி ஓட்டினால் விடுபட்ட கோடு தலைதூக்கும். இதே காரணத்தால்தான் கோட்டின் உயரத்தை வைத்துக் கார்பன்களின் எண்ணிக்கையைச் சொல்லக் கூடாது. மெட்டாவில் 137.7 கோட்டுக்குப் பின்னால் இரண்டு கார்பன்கள் இருக்கின்றன, 130.0 கோட்டுக்குப் பின்னால் ஒன்றே. ஆனாலும் பெரும்பாலும் பின்னதே உயர்ந்து நிற்கும்.

காத்திருக்க மனமில்லை என்றால் டெப்ட்-90 என்ற துடிப்பு வரிசை நல்ல மாற்றுவழி. அதில் ஒரே ஒரு ஹைட்ரஜன் தாங்கும் கார்பன்கள் மட்டும் தெரியும். மெத்திலும், ஹைட்ரஜன் இல்லாத கார்பனும், கரைப்பானும் மறைந்துவிடும். துடிப்பின் நீளம் சரியாக அளவுதிருத்தப்படாவிட்டால் மெத்தில் சிறிதாக எட்டிப்பார்க்கும், ஆனால் அது 20 பிபிஎம் பக்கம் இருப்பதால் குழப்பம் நேராது. இப்போது எண்ணினால் ஆர்த்தோவுக்கு இரண்டு, மெட்டாவுக்கு மூன்று, பாராவுக்கு ஒன்று. தொல்லை தரும் கோட்டை ஒதுக்கிவிட்டுச் செய்யும் கணக்கு என்பதால் மொத்த எண்ணிக்கையைவிட இதுவே எனக்கு நம்பகமானதாகப் படுகிறது.

இரண்டு, மூன்று, ஒன்று என்ற இந்த வரிசை என்எம்ஆருக்கு வெகுகாலம் முந்தியது. 1874இல் வில்ஹெல்ம் கோர்னர் டைபுரோமோபென்சீன்களை இதே எண்களால்தான் அடையாளம் கண்டார். வளையத்தில் மூன்றாவதாக ஒரு தொகுதியைச் சேர்த்தால் ஆர்த்தோவிலிருந்து இரண்டு விளைபொருள்கள் வரலாம், மெட்டாவிலிருந்து மூன்று, பாராவிலிருந்து ஒன்றே. அவர் ஒவ்வொன்றாகத் தயாரித்துப் பிரித்தெடுத்து எண்ணியதும், டெப்ட்-90 எண்ணுவதும் ஒன்றுதான்: ஒன்றிலிருந்து ஒன்று வேறுபட்ட, ஹைட்ரஜன் உள்ள இடங்கள்.

ஆனால் இந்தக் கணக்கு, கையில் இருப்பது சைலீன்தான் என்று உறுதியானபின் மட்டுமே செல்லும். எத்தில்பென்சீனும் C8H10தான். டெப்ட்-90இல் அதுவும் மூன்று கோடுகள் காட்டி மெட்டாவைப் போலவே நிற்கும். முழு நிறமாலையில் அதற்கு ஆறு கோடுகள்: மெத்தில் 15.6, அடுத்த கார்பன் 28.9, வளையத்தில் 144.3 உட்பட நான்கு. 21க்குப் பதில் 15.6, 28.9 என்ற இரண்டு கோடுகள் இருந்தால் அது சைலீன் அல்ல.

வெறுமனே சைலீன் என்று எழுதிய கரைப்பான் புட்டியில் மூன்று மாற்றியங்களும் எத்தில்பென்சீனும் கலந்திருப்பது வழக்கம். அதை ஓட்டினால் நான்கு, ஐந்து, மூன்று, ஆறு என்று கூட்டிப் பதினெட்டுக் கோடுகள் வரவேண்டும். அங்கே எண்ணுவதில் அர்த்தமில்லை. 19.7 ஆர்த்தோவுக்கு, 20.9 பாராவுக்கு, 21.3 மெட்டாவுக்கு, 15.6 எத்தில்பென்சீனுக்கு என்று மெத்தில் பகுதியை மட்டும் பார்த்தால் எவையெவை கலந்திருக்கின்றன என்று தெரிந்துவிடும். மெட்டாவும் பாராவும் அங்கே 0.4 பிபிஎம், அதாவது 40 ஹெர்ட்ஸ் இடைவெளியில் நிற்கின்றன. காந்தப்புலம் ஒழுங்காகச் சீராக்கப்பட்டிருந்தால் கோட்டின் அகலம் ஓரிரு ஹெர்ட்ஸுக்கு மேல் போகாது என்பதால் இரண்டும் தெளிவாகவே பிரியும்.