மாடி மாடான கதை: ஆட்டோகரெக்ட் ஏன் சிரிக்க வைக்கிறது?

“வீட்ல மாடி கட்டியாச்சு, வந்து பாருங்க” என்று ஒருவர் சித்தப்பாவுக்கு அனுப்ப நினைக்கிறார். போய்ச் சேர்வதோ “வீட்ல மாடு கட்டியாச்சு, வந்து பாருங்க.” சித்தப்பா கேட்கிறார்: “பால் எவ்வளவு கறக்குது?” கற்பனை உதாரணம்தான். ஆனால் இப்படிப்பட்ட ஸ்கிரீன்ஷாட்டுகள் எல்லா மொழிகளிலும் சுற்றுகின்றன. இதில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன: போன் ஏன் இப்படிச் செய்தது, நாம் ஏன் சிரிக்கிறோம்?

முதலில் போன். ஆங்கில எழுத்தில் தமிழை அடிப்பவர் maadi என்று தட்டுகிறார். விசைப்பலகையில் u-வும் i-யும் பக்கத்துப் பக்கத்து விசைகள். விரலோ அவற்றைவிட அகலமானது. அதனால் போனுக்குக் கிடைப்பது ஓர் எழுத்து அல்ல, திரையில் ஒரு புள்ளி. அந்தப் புள்ளி i-யாக இருக்க எவ்வளவு வாய்ப்பு, u-வாக இருக்க எவ்வளவு என்று அது கணிக்கிறது. i-க்கு 60, u-க்கு 40 என்று வைத்துக்கொள்வோம். இங்கேயே நிறுத்தியிருந்தால் மாடி தப்பித்திருக்கும்.

ஆனால் இரண்டாவதாக ஒரு கணக்கு இருக்கிறது: முன்னால் வந்த சொல்லுக்குப் பிறகு எந்தச் சொல் அதிகம் வரும்? இவருடைய போனில் ‘வீட்ல’வுக்குப் பிறகு மாடி 2 முறை, மாடு 5 முறை என்ற விகிதம் பதிந்திருந்தால், 60-ஐ 2-ஆல் பெருக்க 120, 40-ஐ 5-ஆல் பெருக்க 200. மாடு ஜெயித்துவிட்டது. இடைவெளி விசையைத் தட்டியதுமே தீர்ப்பு எழுதப்பட்டுவிடுகிறது. ‘கட்டியாச்சு’ அப்போது இன்னும் பிறக்கவே இல்லை. அடுத்த சொல் வந்த பிறகு திரும்பிப் போய்த் திருத்துகிற விசைப்பலகைகளும் இப்போது உண்டு. இங்கே அதுவும் உதவாது. மாட்டையும் கட்டலாமே!

சரி, சிரிப்பு எங்கிருந்து வருகிறது? ஆட்டோகரெக்ட் இல்லாமல் விரல் வேறு பக்கம் சறுக்கி maafi என்று போயிருந்தால் யாரும் சிரித்திருக்க மாட்டார்கள். தமிழில் அப்படி ஒரு சொல்லே இல்லை என்பதால், படிப்பவர் மனதுக்குள்ளேயே திருத்திக்கொண்டு நகர்ந்துவிடுவார். ‘வீட்ல நேற்று கட்டியாச்சு’ என்று வந்திருந்தாலும் குழப்பம்தான் மிஞ்சும். ஆட்டோகரெக்ட்டின் தனித்திறமை இதுதான்: அகராதியில் இருக்கும் சொல்லை, வாக்கியத்துக்குப் பொருந்தும்படி, முழு நம்பிக்கையோடு வைக்கிறது. அதனால் பிழை பிழையாகத் தெரிவதில்லை. யாரோ வேண்டுமென்றே சொன்னது போலத் தெரிகிறது.

பொருந்தாத சொல்லை மூளை எவ்வளவு வேகமாகப் பிடிக்கும் என்பதை 1980-இல் மார்ட்டா குட்டாஸும் ஸ்டீவன் ஹில்யார்டும் மின்முனைகள் வைத்து அளந்தார்கள். ‘சூடான ரொட்டியில் காலுறையைத் தடவினான்’ என்கிற மாதிரி வாக்கியங்களைக் கொடுத்தபோது, அந்த விபரீதச் சொல்லைப் படித்து ஏறக்குறைய 400 மில்லிநொடியில் மூளையில் ஓர் எதிர்மின் அலை உச்சத்தைத் தொட்டது. ஆனால் அந்த அலை வந்தாலே சிரிப்பு வந்துவிடாது. 1985-இல் மொழியியலாளர் விக்டர் ரஸ்கின் முன்வைத்த விளக்கம் இங்கே கைகொடுக்கிறது: ஒரே வாசகம் இரண்டு காட்சிகளுக்கு இடம் கொடுக்க வேண்டும், அவை ஒன்றுக்கொன்று முரணாகவும் இருக்க வேண்டும். ஒரு காட்சியில் சிமென்ட்டும் படிக்கட்டும். இன்னொன்றில் வைக்கோலும் சாணமும். ‘வந்து பாருங்க’ இரண்டுக்கும் கச்சிதமாகப் பொருந்துகிறது. நகைச்சுவையைத் தூக்கி நிறுத்துவது அந்த அப்பாவி வால்தான் என்பேன்.

இதைச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். 2013-இல் வெளியான ஓர் ஆய்வில் அலெஸ்சாண்ட்ரோ வாலிட்டுட்டியும் குழுவினரும் உண்மையான குறுஞ்செய்திகளில் ஒரே ஒரு சொல்லைக் கணினியால் மாற்றி, மக்களிடம் மதிப்பெண் கேட்டார்கள். மாற்றுச் சொல் எழுத்திலோ ஒலியிலோ மூலச் சொல்லை ஒத்திருந்தால் மட்டும் போதவில்லை. அது கொஞ்சம் விவகாரமான சொல்லாக இருந்தபோது சிரிப்பு கூடியது; செய்தியின் கடைசியில், முந்தைய சொல்லோடு ஒட்டியும் வந்தபோது இன்னும் கூடியது. மாடு இதில் பாதித் தேர்வில்தான் தேறும். பாவம், அதில் விவகாரம் எதுவும் இல்லை.

அப்புறம், சுற்றுகிற ஸ்கிரீன்ஷாட்டுகளில் ஜோடிக்கப்பட்டவையும் நிறைய. கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. எழுத்துப் பிழைகளில் சுமார் 80 சதவீதம் ஒரே ஓர் எழுத்து மாறியோ, விடுபட்டோ, கூடியோ, பக்கத்து எழுத்தோடு இடம் மாறியோ வருபவை என்று 1964-இலேயே ஃபிரெடரிக் டாமராவ் எழுதினார். ஆட்டோகரெக்ட்டும் பெரும்பாலும் அந்த எல்லைக்குள்தான் தேடும். ஆகவே அடிக்க நினைத்த சொல்லையும் வந்து விழுந்த சொல்லையும் விசைப்பலகையில் எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். maadi, maadu ஆகலாம். maadi, yaanai ஆகியிருந்தால் அதை ‘திருத்தியது’ போன் இல்லை, ஸ்கிரீன்ஷாட்டைப் போட்டவரேதான்.