டெஸ்க்டாப் ஓடுகிறது, கேம் போட்டால் இருட்டு

சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்திலிருந்து டவுன் தாமானுக்கு வீடு மாறிய குடும்பத்தின் கணினி அது. செம்பனை லாரிகள் குழியாக்கிய செம்மண் சாலையில் குலுங்கிக்கொண்டே வந்திருக்கிறது. “அண்ணே, விண்டோஸ் நல்லா ஓடுது. கேம் போட்ட கொஞ்ச நேரத்துல ஸ்கிரீன் கருப்பாயிடுது. ஃபேன் கத்துது, ஆனா பாட்டு மட்டும் கேக்குது” என்றான் பையன்.

பாட்டு கேட்கிறது என்பதுதான் துப்பு. பவர் சப்ளையே விழுந்திருந்தால் எல்லாமே அணைந்திருக்கும். இங்கே கிராபிக்ஸ் கார்டு மட்டும் விழுந்திருக்கிறது.

அவனுடைய ஆர்டிஎக்ஸ் 3060 கார்டு முழு வேலையில் சுமார் 170 வாட் கேட்கும். மதர்போர்டின் ஸ்லாட் அதிகபட்சம் 75 வாட்தான் தரலாம். மீதி, 150 வாட் வரை தரக்கூடிய 8 பின் கேபிளில் வர வேண்டும். கேபிளை அறவே மறந்திருந்தால் பிழை சீக்கிரமே தெரிந்துவிடும்: பல கார்டுகள் படமே காட்டாது, சில ‘கேபிளை இணை’ என்று திரையில் எழுதியே காட்டும். பாதி சொருகிய கேபிள்தான் ஏமாற்றும்.

கேபிள் வழியாக 100 வாட் போவதாக வைத்துக்கொள்வோம். 12 வோல்ட்டில் அது சுமார் 8.3 ஆம்பியர். எட்டில் 12 வோல்ட் சுமக்கும் மூன்று பின்கள் அதைப் பங்கிட்டால் ஒவ்வொன்றிலும் 2.8. ஒரு பின் சரியாகத் தொடவில்லை என்றால் மற்ற இரண்டும் 4.2 சுமக்கும். சூடு மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது, அதனால் அந்தப் பின்களில் சூடு இரண்டேகால் மடங்காகும். தொடர்பு தளர்ந்த இடத்தில் மின்னழுத்தமும் இறங்கும். டெஸ்க்டாப் சும்மா இருக்கும்போது கார்டு மிகக் கொஞ்சமே இழுப்பதால் எதுவும் தெரியாது. கேம் தொடங்கியதும் மாட்டிக்கொள்ளும்.

பெட்டியைத் திறந்தால், கேபிள் டையை யாரோ இறுக்கி இழுத்துக் கட்டியிருந்தார்கள். பிளக் சாய்ந்து நின்றது. அதன் சின்னக் கொக்கி கார்டின் மேட்டைத் தாண்டவே இல்லை.

ஸ்லாட்டையும் பார்த்தாக வேண்டும். ஸ்லாட்டின் மின் பின்கள், கார்டைப் பெட்டியோடு திருகும் பிராக்கெட் பக்கத்துச் சின்னப் பகுதியில் இருக்கின்றன. நீளமான பகுதி பெரும்பாலும் தகவலுக்கு. அதனால் பிராக்கெட்டுக்கு எதிரே உள்ள வால் பக்கம் தூக்கிக்கொண்டால் கார்டுக்கு மின்சாரம் கிடைத்தும் படம் வராமல் போகலாம், அல்லது பதினாறு தகவல் பாதைகள் கொண்ட x16 இணைப்பு x8 ஆகக் குறையலாம். GPU-Z என்ற மென்பொருளில் Bus Interface வரியில் அதைப் பார்க்கலாம். பிராக்கெட் திருகை முறுக்கும்போதே வால் எழும்புவதும் உண்டு, ஆகவே திருகை முறுக்கிய பிறகு இன்னொரு முறை பாருங்கள்.

பவரை அணைத்து, ஒயரைச் சுவரிலிருந்து பிடுங்கி, டையை வெட்டி, கார்டைக் கழற்றி நேராக அழுத்தினோம். ஸ்லாட்டின் பிடி ‘டக்’ என்றது, பிளக்கின் கொக்கியும் விழுந்தது. பிளக்கின் உள்ளே பிளாஸ்டிக் பழுப்பாகவில்லை. ஆகியிருந்தால் கேபிளை மாற்றியிருப்போம், அதுவும் அதே பவர் சப்ளைக்கு உரியதாகப் பார்த்து. பிராண்டுக்கு பிராண்டு பவர் சப்ளை முனையின் ஒயர் வரிசை மாறும். வேறொன்றைச் சொருகினால் கார்டையே எரித்துவிடலாம்.